ரேம் வேகம்: இருபத்தைந்து ஆண்டுகளில் ஓடியது எது, நின்ற இடத்திலேயே நின்றது எது?



கல்லூரி திறக்கும் காலம் வந்தால் என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "சார், பொண்ணுக்கு லேப்டாப் வாங்கணும். கடையில டிடிஆர்4 பழசு, டிடிஆர்5 தான் வேகம்னு சொல்றாங்க. கூடக் கொடுத்து வாங்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இதன் வரலாற்றையே ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். நடுவில் ஒரு சின்னக் கணக்கும் உண்டு, பயப்பட வேண்டாம்.

முதலில் ரேம் என்பது என்ன என்று பார்ப்போம். 1966-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் டென்னார்ட் என்ற பொறியாளருக்கு ஓர் எளிய யோசனை வந்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, இவை இரண்டும் இருந்தால் ஒரு பிட் தகவலை வைத்துக்கொள்ளலாம். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அதற்கான காப்புரிமை 1968-இல் கிடைத்தது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் லேப்டாப்பின் ரேமிலும் இதே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கிதான், கோடி கோடியாக.

இந்த மின்தேக்கி ஓட்டைப் பானை மாதிரி. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு வினாடியும் பலமுறை அதை வாசித்து மறுபடி நிரப்ப வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் இருக்கும் மின்னூட்டம் மிகச் சிறியது. அதை ஒரு நீண்ட கம்பியில் இறக்கி, அங்கே ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை ஒரு பெருக்கி உணர்ந்து, "இது ஒன்றா, சுழியா" என்று தீர்மானிக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் தவறாகப் படிக்கும். இந்த ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி வரலாறு முழுவதும் இதைச் சுற்றித்தான்.

ப்ராசசர்களின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு பறந்தது. ரேமால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1990-களில் எஸ்.டி.ரேம் வந்தது. கடிகாரத் துடிப்புக்கு இசைந்து, ஒரு துடிப்புக்கு ஒரு முறை தகவல் தருவது. 2000-இல் ஜெடெக் என்ற தர அமைப்பு டிடிஆர் என்பதற்கு விதி வகுத்தது. ஒரு துடிப்பில் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என இரண்டு தடவை தகவல் அனுப்பும். 'டபுள்' என்ற பெயர் அதனால்தான். பிறகு 2003-இல் டிடிஆர்2, 2007-இல் டிடிஆர்3, 2012-இல் டிடிஆர்4, 2020-இல் டிடிஆர்5 ஆகியவற்றின் விதிகள் வெளியாயின.

ஒவ்வொரு தலைமுறையிலும் எண் பெரிதாகிக்கொண்டே போனது. 400, 800, 1600, 3200, 4800. நொடிக்கு இத்தனை மில்லியன் முறை தகவல் பரிமாற்றம் என்று அதற்குப் பொருள். கடைக்காரர் காட்டும் எண் இதுதான். பொய்யில்லை, உண்மையான எண்தான். ஆனால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூட உதாரணமே சொல்கிறேன். தலைமையாசிரியர் அறையிலிருந்து ரெக்கார்டு ரூமுக்கு அலுவலக உதவியாளரை அனுப்புகிறோம். நடந்து போய், பீரோவைத் திறந்து, தேடி எடுத்துத் திரும்ப ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைக் குறைக்க முடியவில்லை, ஏனென்றால் பீரோ அப்படி. பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? போகிற போக்கில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பதிவேடுகளாக எடுத்து வா என்றார்கள். அது டிடிஆர். நான்காக எடுத்து வா என்றார்கள், டிடிஆர்2. எட்டு, டிடிஆர்3. டிடிஆர்4-இலும் எட்டுதான், ஆனால் ஒருவர் திரும்பும்போது இன்னொருவர் வேறு பீரோவுக்குப் போகும்படி ஏற்பாடு. டிடிஆர்5-இல் பதினாறு. ஆக, கட்டு பெரிதானது. நடை வேகம் மாறவில்லை.

சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். ரேம் விவரத்தில் 'சி.எல்' என்று ஓர் எண் இருக்கும். கேட்டதற்கும் முதல் தகவல் வெளியே வருவதற்கும் நடுவே எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பதே அது. டிடிஆர்3-1600 ரேமின் கடிகாரம் நொடிக்கு 800 மில்லியன் துடிப்பு. ஒரு துடிப்பு 1.25 நானோ வினாடி. (நானோ வினாடி என்றால் ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.) அதன் வழக்கமான சி.எல் 11. பெருக்கினால் 13.75 நானோ வினாடி.

இப்போது டிடிஆர்4-3200. துடிப்பு 1600 மில்லியன், ஒன்றுக்கு 0.625 நானோ வினாடி. லேப்டாப்களில் வழக்கமான சி.எல் 22. பெருக்குங்கள். அதே 13.75!

வேகம் இரட்டிப்பு என்று விற்றார்கள், காத்திருக்கும் நேரம் தசமப் புள்ளி வரை அப்படியே இருக்கிறது. டிடிஆர்5-4800-க்கு சி.எல் 40. கணக்கிட்டால் 16.7 வருகிறது, சற்றுக் கூடவே. 2000-களின் தொடக்கத்து டிடிஆர்-400-க்கு, சி.எல் 3 என்று கொண்டால், 15. இருபது ஆண்டுகளில் நடை வேகத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் இவ்வளவுதான். சிப் சிறிதாகச் சிறிதாகக் கிடைத்த ஆதாயத்தைத் தயாரிப்பாளர்கள் கொள்ளளவைப் பெருக்கவும் விலையைக் குறைக்கவும் பயன்படுத்தினார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. அதனால்தானே நம் வீடுகளுக்கெல்லாம் கணினி வந்தது.

அப்படியானால் பெரிய கட்டு யாருக்குப் பயன்? ஒரு வகுப்பின் பதிவேடுகள் மொத்தமும் வேண்டும் என்பவருக்கு. வீடியோ எடிட்டிங், பெரிய கோப்புகளைச் சுருக்குதல் போன்றவற்றில் ரேமிலிருந்து தகவல் ஆறாக ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம் விளையாடினாலும் அப்படித்தான், படத்தை வரையும் பகுதியும் அதே ரேமைத்தான் பங்கு போடுகிறது. அங்கே டிடிஆர்5-இன் பலன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பிரவுசர் திறப்பது, வேர்டில் தட்டச்சு செய்வது, எக்செல், ஆன்லைன் வகுப்பு, யூடியூப் இவற்றில் ப்ராசசர் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று துண்டு துண்டாகக் கேட்கும். அதிலும் அடிக்கடி தேவைப்படுவதைத் தன் பக்கத்திலேயே 'கேஷ்' என்ற சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், நாம் வருகைப் பதிவேட்டை மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வது போல. ரெக்கார்டு ரூமுக்கு ஆள் அனுப்பும் தேவையே குறைவு. அதனால் புது ரேமால் கிடைக்கும் ஆதாயம் நம் விரலுக்கும் கண்ணுக்கும் எட்டாது.

இது புதிய பாடமும் அல்ல. 2000 இறுதியில் இன்டெல் பெண்டியம் 4 வந்தபோது, ராம்பஸ் என்ற அதிவேக ரேம் இருந்தால்தான் அது ஓடும் என்ற நிலை. கட்டு பெரிது, விலையும் பெரிது. சாதாரண வேலைகளில் கொடுத்த காசுக்கு வேகம் தெரியவில்லை. 2001-லேயே இன்டெல் சாதாரண எஸ்.டி.ரேம் போடும் வசதியோடு வேறொரு சிப்செட்டை வெளியிட வேண்டியதாயிற்று. பிறகு டிடிஆர்தான் வென்றது.

சரி, வீட்டு லேப்டாப் நிஜமாகவே ஆமையாக நகர்கிறதே, அது ஏன் என்பீர்கள். போன ஆண்டு நம் உறவில் பி.காம். படிக்கும் பெண்ணுக்கு இதே பிரச்சினை. டிடிஆர்4-2400, 4 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க். "ரேம் தலைமுறை பழசு, புது லேப்டாப் வாங்குங்க" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா தவணையில் வாங்கத் தயாராகிவிட்டார். நான் போனிலேயே அவளை Ctrl+Shift+Esc அழுத்தச் சொன்னேன். Task Manager திறந்தது. பிரவுசரும் எக்செலும் திறந்திருந்தபோது Memory 92%, Disk 100% என்று காட்டியது. நோய் அங்கேயே தெரிந்துவிட்டது.

ரேமில் இடம் போதாவிட்டால் விண்டோஸ் அதில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ப்ராசசர் கேட்டு ரேமிலிருந்து கைக்கு வர, வழியில் ஆகும் எல்லாத் தாமதமும் சேர்த்து, சுமார் 100 நானோ வினாடி. எஸ்.எஸ்.டி.யிலிருந்து வர அதைப்போல ஆயிரம் மடங்கு ஆகலாம். ஹார்ட் டிஸ்க்கில் முள் நகர்ந்து, தட்டு சுழன்று வர ஒரு லட்சம் மடங்கு. நம் உதவியாளரின் ஒரு நிமிடக் கணக்கில் சொன்னால், எஸ்.எஸ்.டி.க்குப் போனவர் திரும்ப 16 மணி நேரத்துக்கு மேல், ஹார்ட் டிஸ்க்குக்குப் போனவர் திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல். இந்த இடத்தில் ரேம் 2400-ஆ 4800-ஆ என்று வாதிடுவது வீண்.

Task Manager-இல் Performance பகுதியில் Memory-யைத் தொட்டால் Slots used என்று ஒரு வரி உண்டு. அவளுடையதில் 1 of 2. ஓர் இடம் காலி. 8 ஜிபி டிடிஆர்4 ஒன்று வாங்கிப் போட்டோம், ஹார்ட் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றினோம். வாங்கிய ரேமில் 3200 என்று எழுதியிருந்தது, ஆனால் அந்த லேப்டாப்பில் 2400-லேயே ஓடுகிறது. இரண்டு வேக ரேம்கள் சேர்ந்தால் மெதுவானதன் வேகத்துக்கே இரண்டும் இறங்கிவிடும். அவளுக்கு அது தெரியவும் இல்லை, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இப்போது அதே வேலைக்கு Memory பாதியைத் தாண்டுவதில்லை. தவணை பேச்சு நின்றது.

ஒன்று கவனியுங்கள். டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 நுழையாது, கீழே உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தித் திணிக்க வேண்டாம்.

புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், இன்று பல லேப்டாப்களில் டிடிஆர்5 தானாகவே வருகிறது. வரட்டும், வேண்டாம் என்று ஒதுக்க அவசியமில்லை. ஆனால் ஒரே விலையில் 8 ஜிபி டிடிஆர்5 ஒன்றும் 16 ஜிபி டிடிஆர்4 ஒன்றும் இருந்து, ப்ராசசரும் ஏறக்குறைய சமமாக இருந்தால், படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் நான் 16-ஐத்தான் எடுப்பேன். கேம், வீடியோ என்றால் ரேம் இரண்டு தடங்களில், அதாவது 'டூயல் சேனலில்', ஓடுகிறதா என்றும் கேளுங்கள். ஒரே பெரிய ரேமைவிட இரண்டு சிறியவை அங்கே நன்றாக வேலை செய்யும்.

கடைசியாக, மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. கடையில் பணம் கொடுக்கும் முன் "ரேம் சால்டர் பண்ணினதா, காலி ஸ்லாட் இருக்கா?" என்று கேட்டு, மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்திலும் ஒருமுறை சரிபாருங்கள். ஏற்கனவே இருக்கும் லேப்டாப்பாக இருந்தால் Memory, Disk, Slots used மூன்றும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். மாலை நேரத்தில் பார்த்துச் சொல்கிறேன்.