ஒட்டுண்ணிக் கணக்கு: தொற்று வீதம், சராசரிச் செறிவு, சராசரி மிகுதி

ஓம்புயிர்களின் ஒரு கூறை எடுத்து, ஒவ்வோர் உயிரிலும் எத்தனை ஒட்டுண்ணிகள் உள்ளன என்று எண்ணி, அந்த எண்களைச் சுருக்கிச் சொல்வதற்கு மூன்று அளவைகள் வழக்கில் உள்ளன. ஆய்ந்த ஓம்புயிர்களில் தொற்றுள்ளவை எத்தனை விழுக்காடு என்பது தொற்று வீதம். தொற்றுள்ள ஓம்புயிர் ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை ஒட்டுண்ணிகள் என்பது சராசரிச் செறிவு. தொற்று இல்லாதவற்றையும் சேர்த்து, ஆய்ந்த ஓம்புயிர் ஒன்றுக்கு எத்தனை என்பது சராசரி மிகுதி. முதலிரண்டையும் பெருக்கினால் மூன்றாவது கிடைக்கும். இவ்வளவு எளிய கணக்கு ஒழுங்குக்கு வர இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி தேவைப்பட்டது. ஒட்டுண்ணிகள் ஓம்புயிர்களிடையே சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதே அதற்கு முதன்மைக் காரணம்.

அந்தச் சமமின்மையைப் பளிச்செனக் காட்டும் பழைய தரவுகளில் ஒன்று அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. லண்டன் பூச்சியியலாளர் பி. ஏ. பக்ஸ்டன், 1937 முதல் 1939 வரை கண்ணூர்ச் சிறைக் கைதிகளின் மழித்த தலைமுடியைப் பெற்று, முடியைக் கரைத்துப் பேன்களை எண்ணினார். சீப்பால் வாரி எண்ணினால் எத்தனை தப்பின என்று தெரியாது. முடியையே கரைத்துவிட்டால் அந்த ஐயம் பெருமளவு தீரும். 1,083 தலைகளில் 622இல் பேனே இல்லை. பேன் இருந்த 461 தலைகளில் 106இல் ஒன்றே ஒன்று. மறுமுனையில், ஒரே தலையில் நூற்றுக்கும் மேல் இருந்தன. சி. பி. வில்லியம்ஸ் 1944இல் இதே எண்களை மடக்கைத் தொடர் என்ற கணித வடிவத்தோடு பொருத்திப் பார்த்தார். ஒட்டுண்ணி எண்ணிக்கையில் ஒரு நிலையான வடிவம் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் இப்படித்தான் வலுப்பெற்றது.

பிளிஸ், ஃபிஷர் ஆகிய இருவரும் 1953இல், உயிரியல் தரவுகளுக்கு எதிர்மறை ஈருறுப்புப் பரவலைப் பொருத்தும் முறையை விளக்கினர். அதை ஒட்டுண்ணியியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் எச். டி. கிராஃப்டன். 1971இல் வெளியான அவரது கட்டுரை, காமரஸ் என்ற நன்னீர்ச் சிற்றுயிரில் வாழும் பாலிமார்ஃபஸ் என்ற முள்தலைப் புழுவின் எண்ணிக்கைகளை எடுத்துக்கொண்டது. பெரும்பாலான புழுக்கள் சில ஓம்புயிர்களிலேயே குவிந்திருப்பது தற்செயலான குறை அன்று, ஒட்டுண்ணி வாழ்வின் இலக்கணமே அதுதான் என்று அவர் வாதிட்டார். பின்னர் ஆண்டர்சனும் மேயும் 1978இல் உருவாக்கிய கணித மாதிரிகள் இந்தக் குவிதலின் மேல்தான் எழுந்தன.

கணிதம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் சொற்கள் குழம்பியே கிடந்தன. ஒருவர் செறிவு என்று எழுதினால் அது தொற்றுள்ளவற்றின் சராசரியா, எல்லாவற்றின் சராசரியா என்று கட்டுரையைத் துருவித்தான் அறிய வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் புதிதாகத் தொற்றியவற்றைக் குறிக்கும் நிகழ்வு வீதம் என்ற சொல்லை, ஒரு நாளில் காணப்பட்ட தொற்று வீதத்துக்கும் பலர் பயன்படுத்தினர். அமெரிக்க ஒட்டுண்ணியியலாளர் சங்கம் அமைத்த குழு, மார்கோலிஸ் தலைமையில் 1982இல் வெளியிட்ட மூன்று பக்க அறிக்கை இதற்கு வரையறை தந்தது. 1997இல் புஷ், லாஃபர்ட்டி, லோட்ஸ், ஷோஸ்டக் ஆகியோர் அதைத் திருத்தினர். அவர்கள் செய்த முக்கியமான மாற்றம், தனி ஓம்புயிரின் எண்ணிக்கையையும் கூறின் சராசரியையும் பிரித்தது. ஒரு மீனில் உள்ள புழுக்களின் எண்ணிக்கை மிகுதி. அது பூச்சியமாகவும் இருக்கலாம். கூறு முழுவதற்குமானது சராசரி மிகுதி. மூன்று பக்கம் போதுமானதாக இருந்த இடத்தில் ஏன் மறுபடி எழுத வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் சராசரி என்ற ஒரு சொல் விடுபட்டதால் ஒப்பிட முடியாமல் போன அட்டவணைகள் ஏராளம்.

கணக்கை ஒரு கற்பனைக் கூறில் செய்து பார்க்கலாம். 25 மீன்களை அறுத்துக் குடலில் உள்ள புழுக்களை எண்ணுகிறோம். 15 மீன்களில் ஒன்றும் இல்லை. மீதிப் பத்தில் கிடைத்தவை 1, 1, 1, 2, 2, 3, 4, 6, 11, 29; மொத்தம் 60 புழுக்கள். தொற்று வீதம் 40%, சராசரிச் செறிவு 6, சராசரி மிகுதி 2.4. புழுக்கள் மீன்களிடையே தற்போக்காக விழுந்திருந்தால், பாய்சான் பரவலின்படி புழுவே இல்லாத மீன்கள் இரண்டோ மூன்றோதான் இருந்திருக்கும். இங்கே பதினைந்து இருக்கின்றன. பரவற்படியைச் சராசரியால் வகுத்தால் 15க்கு மேல் வருகிறது. தற்போக்கான பரவலில் அது ஒன்றை ஒட்டி நிற்க வேண்டும். குவிதல் இருப்பதை இந்த இரண்டு சோதனைகளே காட்டிவிடும்.

ஆனால் ஆய்வாளருக்கு வேண்டியது இந்த 25 மீன்களின் கதை அல்ல, குளத்திலுள்ள எல்லா மீன்களின் கதை. இன்னொரு நாள் வலை வீசினால் இதே 40% வராது. அந்தத் தடுமாற்றத்தின் எல்லையைச் சொல்வதுதான் நம்பிக்கை இடைவெளி. 95% இடைவெளி என்றால், இதே முறையில் திரும்பத் திரும்பக் கூறெடுத்து இடைவெளிகளைக் கணித்தால், நூற்றுக்குச் சுமார் தொண்ணூற்றைந்து முறை உண்மை மதிப்பு அதற்குள் அகப்படும் என்று பொருள்.

தொற்று வீதத்துக்கு இது எளிது. ஒவ்வொரு மீனுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற விடை மட்டுமே உண்டு. ஒரு மீனில் 29 புழுக்கள் இருந்தாலும் அது ஓர் ஆம்தான். ஆகவே ஈருறுப்புப் பரவல் போதும். பழைய பாடநூல்களில் உள்ள இயல்நிலைத் தோராயம் நம் 40%க்கு 20.8 முதல் 59.2 வரை தருகிறது, அது மோசமில்லை. 25இல் இரண்டு மீன்களுக்கு மட்டுமே தொற்று இருந்தால் அதே வாய்ப்பாடு கீழெல்லையாக மைனஸ் 2.6% என்று சொல்லும். இல்லாத வீதத்துக்கும் கீழே ஒரு வீதம் கிடையாது. வில்சன் 1927இலும், கிளாப்பரும் பியர்சனும் 1934இலும் இதற்கு மாற்று தந்தனர். கிளாப்பர்-பியர்சன் முறையில் இரண்டு மீன்களுக்கான இடைவெளி 1.0 முதல் 26.0 வரை, பத்து மீன்களுக்கு 21.1 முதல் 61.3 வரை. இம்முறை சற்றே அதிக எச்சரிக்கை உடையது, தேவைக்கு மேல் அகலமாக நிற்கும். ஸ்டெர்ன் 1954இலும் பிளேக்கர் 2000இலும் முன்வைத்த முறைகள் அந்த அகலத்தைக் குறைத்தன. கூறின் அளவு செய்யும் வேலையைக் கண்ணூர்த் தரவு காட்டுகிறது: 1,083இல் 461 என்பது 42.6%, இடைவெளி ஏறக்குறைய 39.6 முதல் 45.5 வரைதான். வீதம் கிட்டத்தட்ட நம் மீன்களின் வீதமே. அகலம் மட்டும் 40 புள்ளியிலிருந்து ஆறாகச் சுருங்கிவிட்டது.

ஒரு மீனிலும் புழு இல்லையென்றால்? தொற்று வீதம் பூச்சியம் என்று எழுதி முடித்துவிடுவது பரவலான தவறு. 25இல் பூச்சியம் என்றால் கிளாப்பர்-பியர்சன் மேலெல்லை 13.7%. மூன்றைக் கூறின் அளவால் வகுத்து மேலெல்லையை மனக்கணக்காகச் சொல்லும் விதியும் உண்டு. மேலெல்லையை மட்டும் தேடும் அந்த விதி இங்கே 12% தரும். எட்டில் ஒரு மீனுக்குத் தொற்று இருந்தாலும்கூட 25 மீன்களில் அது கண்ணில் படாமல் போக இடமுண்டு.

சராசரிச் செறிவுதான் தொல்லை தருவது. தொற்றுள்ள பத்து மீன்களுக்கு வழக்கமான டி-பரவல் வாய்ப்பாட்டைப் போட்டால் இடைவெளி மைனஸ் 0.2 முதல் 12.2 வரை வருகிறது. தொற்றுள்ள மீனில் ஒரு புழுவாவது இருந்தே ஆக வேண்டும். ஆகவே சராசரிச் செறிவு ஒன்றுக்குக் கீழே இறங்கவே முடியாது. இறங்கினால், சமச்சீரான இடைவெளியைச் சாய்ந்து கிடக்கும் தரவின் மேல் போர்த்தியிருக்கிறோம் என்று உடனே கண்டுகொள்ளலாம். 29 புழுக்கள் கொண்ட அந்த ஒரு மீன் வலையில் சிக்காமல் போயிருந்தால் சராசரிச் செறிவு 6லிருந்து 3.4ஆகவும், சராசரி மிகுதி 2.4லிருந்து 1.3ஆகவும் விழுந்திருக்கும், தொற்று வீதமோ 40இலிருந்து 37.5ஆக மட்டுமே நகர்ந்திருக்கும்.

எஃப்ரான் 1979இல் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் முறை இதற்கு வழி காட்டியது. கிடைத்த பத்து எண்களிலிருந்தே, எடுத்ததைத் திரும்ப வைத்து மறுபடி மறுபடி பத்தெண் கூறுகளை ஆயிரக்கணக்கில் எடுத்து, ஒவ்வொன்றின் சராசரியையும் குறித்துக்கொண்டு, அந்தச் சராசரிகள் எங்கிருந்து எங்குவரை விரிகின்றன என்று பார்ப்பதே அது. சாய்வுக்கும் பிழைக்கும் திருத்தம் செய்த வடிவத்தை எஃப்ரான் 1987இல் தந்தார். ஹங்கேரியைச் சேர்ந்த ரோஜா, ரெய்சிகெல், மயோரோஷ் ஆகியோர் 2000இல் எழுதிய கட்டுரை அந்த வடிவத்தைச் சராசரிச் செறிவுக்கும் சராசரி மிகுதிக்கும் பரிந்துரைத்தது. அதோடு வந்த மென்பொருள் இன்று QPweb என்ற பெயரில் வலையில் இயங்குகிறது. பூட்ஸ்ட்ராப் இடைவெளியின் கீழெல்லை ஒன்றுக்குக் கீழே போவதில்லை. மேலெல்லை கீழெல்லையைவிடச் சராசரியிலிருந்து அதிகம் விலகி நிற்கும். தரவின் இயல்பும் அதுதான்.

இதுவும் மாயமருந்து அல்ல. நம் பத்து மீன்களில் பூட்ஸ்ட்ராப் எடுக்கும் கூறுகளில் ஏறத்தாழ 35 விழுக்காட்டில் 29 என்ற எண் ஒருமுறைகூட இடம்பெறாது. அவற்றின் சராசரிகள் 3.4ஐச் சுற்றிக் குவியும். 29 வந்த கூறுகள் அதற்கு மேலே தனியே நிற்கும். சராசரிகளை வரைபடமாக்கினால் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் முழு இடைவெளியும் ஓரிரு ஓம்புயிர்களின் தயவில் நிற்கிறது என்று பொருள். அத்தகைய இடத்தில் இடைநிலைச் செறிவையும் சேர்த்துத் தருவது நல்லது. நம் மீன்களுக்கு அது 2.5, வரிசைப்படுத்திய எண்களில் இரண்டாவதையும் ஒன்பதாவதையும் எடுத்தால் 1 முதல் 11 வரை இடைவெளி கிடைக்கும், அதன் நம்பிக்கை அளவு ஏறக்குறைய 98%. தொற்றுள்ள ஒரு வழக்கமான மீனை அறிய இடைநிலை உதவும். குளத்தில் மொத்தம் எவ்வளவு புழுக்கள் என்று அறியச் சராசரி மிகுதிதான் வேண்டும். சராசரி மிகுதிக்கு இடைவெளி தேவைப்படும்போது மற்ற இரண்டின் எல்லைகளைப் பெருக்கிப் பெறக்கூடாது. 25 மீன்களின் எண்களிலும், பூச்சியங்கள் உட்பட, தனியே பூட்ஸ்ட்ராப் செய்ய வேண்டும்.

எந்த இடைவெளியும் எட்டாத பிழைகள் இரண்டு உண்டு. ஒரே வலையில் வந்த மீன்கள் ஒரே இடத்தில் மேய்ந்தவையாக இருந்தால் 25 மீன்கள் 25 தனித் தகவல்கள் ஆகா. அங்கே கணித்த இடைவெளி உண்மையில் இருக்க வேண்டியதைவிடக் குறுகலாக வரும். மற்றது கிராஃப்டன் அன்றே சுட்டியது: மிகுதியான புழுச் சுமை கொண்ட ஓம்புயிர்கள் முதலில் இறந்துபோகும், கூறெடுக்கும் கைக்கு அவை வருவதே இல்லை. வயதுவாரியாகப் பிரித்து எண்ணினால் இதன் சாயல் தெரிவதுண்டு. இளம் மீன்களில் ஏறிய சராசரி மிகுதி முதிர்ந்தவற்றில் இறங்கி, பரவற்படிக்கும் சராசரிக்குமான விகிதமும் கூடவே இறங்கினால், நிரம்பியவை குளத்தை விட்டே போயிருக்கலாம். மீன்களுக்கு எதிர்ப்புத்திறன் வளர்ந்தாலும் இதே கோலம் வரும் என்பதால், இந்த எண்களை மட்டும் வைத்து இரண்டில் எது என்று தீர்மானிக்க இயலாது.