ஐந்து எழுத்து, 24 பைட்டு: வைஃபைப் பெயரில் தமிழ் புகுந்த கதை

தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது பாபநாசம். தஞ்சை மாவட்டத்திலும் ஒரு பாபநாசம் உண்டு. நாம் பேசப்போவது நெல்லைச் சீமையின் பாபநாசத்தைப் பற்றி. அவ்வூரில் ஒரு வீட்டுக்காரர் தம் வைஃபைக் கருவிக்கு ‘பாபநாசம்’ என்று தமிழிலேயே பெயர் சூட்டுவதாக வைத்துக்கொள்வோம். புதிய கைப்பேசிகள் அந்தப் பெயரைப் பார்த்தவுடன் இணைகின்றன. பரணில் இருந்து எடுத்த பழைய மடிக்கணினியோ பெயரை அலங்கோலமாகக் காட்டுகிறது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் ‘தவறு’ என்கிறது. கடவுச்சொல்லில் பிழை இல்லை. பிழை எங்கே புகுந்தது என்று அறிய, கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் தர விதி 1997ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதை வகுத்தது ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம். வைஃபைக் கருவி ஏறத்தாழ நொடிக்குப் பத்து முறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஓர் அறிவிப்பை வானொலி அலையில் விடுகிறது. அந்த அறிவிப்பில் பெயருக்கென்று ஓர் அறை உண்டு. அறையின் கொள்ளளவு அதிகபட்சம் 32 பைட்டு. உள்ளே இருப்பது எந்த மொழி, எந்த எழுத்து முறை என்பதைப் பற்றி அந்த விதி ஒன்றும் சொல்லவில்லை. 32 எண்கள், அவ்வளவுதான். அந்த எண்களை எழுத்தாகப் படிப்பது கருவிக்குக் கருவி அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். இது அலட்சியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அன்று பெயர் வைத்தவர்கள் ஆங்கில எழுத்துகளையே வைத்தார்கள். ஆகவே யாருக்கும் உறைக்கவில்லை. இந்தியாவில் இந்த அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்ற விதி 2005ஆம் ஆண்டில்தான் வந்தது. அதன் பிறகே வைஃபை நம் வீடுகளுக்குள் நுழைந்தது.

இனி எழுத்தின் கதை. 1963இல் அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி பட்டியலில் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்கு அது போதும். 1991இல் வெளியான யூனிகோடு உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்தது. தமிழுக்குக் கிடைத்த பகுதி 2944ஆம் எண்ணில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் உட்கார்ந்து, இந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையொன்றை வகுத்தார்கள். தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அதன் முதல் வரைவு எழுதப்பட்டது. அதுவே யூ.டி.எஃப்-8. இந்த முறையில் 127 வரையுள்ள எண்ணுக்கு 1 பைட்டு, 2047 வரையுள்ள எண்ணுக்கு 2 பைட்டு, அதற்கு மேல் 65535 வரை 3 பைட்டு. கிரேக்கமும் ரஷ்ய எழுத்தும் அரபியும் இரண்டாம் வரம்புக்குள் அடங்கிவிட்டன. தமிழோ தொள்ளாயிரம் எண் தள்ளி விழுந்ததால் மூன்று பைட்டுக்காரன் ஆயிற்று.

இன்னொரு செய்தியும் உண்டு. நாம் பள்ளியில் ‘பா’ என்பதை ஓர் எழுத்து என்று படித்தோம். யூனிகோடுக்கு அது ‘ப’, துணைக்கால் என்னும் இரண்டு குறிகள். ‘ம்’ என்பதும் இரண்டு: ‘ம’ ஒன்று, மேலே உள்ள புள்ளி ஒன்று. ஆகவே பாபநாசம் என்ற ஐந்தெழுத்துச் சொல் ப, ா, ப, ந, ா, ச, ம, புள்ளி என எட்டுக் குறிகளாகிறது. எட்டை மூன்றால் பெருக்கினால் 24 பைட்டு. அறையில் மீதி 8 பைட்டே. ‘பாபநாசம் வீடு’ என்று எழுத நினைத்தால் இடைவெளிக்கு 1, வீடுக்கு 12, மொத்தம் 37 ஆகி அறையை மீறிவிடும். ஆங்கிலத்தில் 32 எழுத்துகள் கொள்ளும் அதே அறையில் தமிழுக்குப் பத்துக் குறிகளே இடம்.

மாவட்டத் தலைநகரின் நிலை இன்னும் வேடிக்கை. திருநெல்வேலி என்பது 12 குறி, 36 பைட்டு, உள்ளே நுழையாது. நெல்லை என்றால் 6 குறி, 18 பைட்டு, தாராளமாக நுழையும். நம் மக்கள் பேச்சுக்காகச் சுருக்கிய பெயர் இங்கே வேறு விதத்தில் கைகொடுக்கிறது. நல்ல கருவி ‘பெயர் நீளம்’ என்று சொல்லி மறுத்துவிடும். பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணும் கருவியோ பன்னிரண்டுதானே என்று ஏற்றுக்கொண்டு, பிறகு 32ஆம் பைட்டில் வெட்டிவிடக்கூடும். அப்போது ‘திருநெல்வே’ வரை 30 பைட்டு போக, ‘ல’வின் முதல் இரண்டு பைட்டு மட்டும் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலுக்கு எந்த எழுத்தும் இல்லை.

இப்போது பழைய மடிக்கணினிக்குத் திரும்புவோம். யூ.டி.எஃப்-8 முறையை அறியாத நிரல், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று எண்ணிப் படிக்கும். மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்ற பட்டியலை வைத்துப் படித்தால் பாபநாசம் திரையில் இப்படித் தெரியும்:

```
à®ªà®¾à®ªà®¨à®¾à®šà®®à¯
```

இது குப்பை போல் தோன்றினாலும் இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஒன்றே. அதனால்தான் à திரும்பத் திரும்ப வருகிறது. அதை எண்ணினால் எட்டு இருக்கும். ஆனால் வரியின் கடைசியில் ஒரு நஷ்டம் நேர்ந்திருக்கிறது. புள்ளியின் மூன்றாம் பைட்டுக்கு அந்தப் பட்டியலில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. சில நிரல்கள் அதை விட்டுவிடும். சில கேள்விக்குறி இட்டுவிடும். ஒருமுறை போன பைட்டைத் திரும்பப் பெற வழியில்லை. புள்ளியே இல்லாத ‘தாமிரபரணி’ என்ற பெயருக்கு இந்த ஆபத்து இல்லை என்பது ஒரு தற்செயல்.

அலங்கோலமாகத் தெரிவது வேறு, இணைய முடியாமல் போவது வேறு என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். தமிழ் எழுத்துருவே இல்லாத கைப்பேசி வெறும் கட்டங்களைக் காட்டலாம். ஆயினும் அலையில் வந்த 24 பைட்டையும் மாற்றாமல் பத்திரமாக வைத்திருந்து, இணையும்போது அவற்றையே திருப்பிச் சொன்னால் அது இணைந்துவிடும். தொல்லை வருவது, பைட்டை எழுத்தாக மாற்றி, அந்த எழுத்தை மறுபடி பைட்டாக மாற்றும் கருவியில். à என்ற ஐரோப்பிய எழுத்தை யூ.டி.எஃப்-8 முறையில் எழுதினால் 2 பைட்டு ஆகும். அப்படி ஒவ்வொன்றும் இரட்டித்தால் 24 பைட்டு 48 ஆகிவிடும். அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் பாபநாசத்து வைஃபைக் கருவி ‘அது நானல்ல’ என்று வாளாவிருக்கும்.

அப்படியானால் கடவுச்சொல் தவறு என்று சொல்வானேன்? இதற்குக் காரணம் 2004இல் வந்த 802.11ஐ என்னும் பாதுகாப்பு விதி. நாம் கொடுக்கும் கடவுச்சொல் அப்படியே பூட்டின் சாவியாகிவிடுவதில்லை. கடவுச்சொல்லையும் வைஃபைப் பெயரின் பைட்டுகளையும் சேர்த்து, 4096 முறை கணக்கிட்டுக் கடைந்து, 256 பிட்டு நீளமுள்ள சாவி ஒன்றை உண்டாக்குகிறார்கள். ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் இரண்டு வீடுகளுக்கு ஒரே சாவி வந்துவிடக்கூடாது என்பதே பெயரைச் சேர்ப்பதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் பெயரில் ஒரு பைட்டு மாறினாலும் சாவி முழுதும் வேறாகிவிடும். பழைய கருவி அழைக்கும்போது சரியான பைட்டுகளைச் சொல்லி, சாவியைக் கடையும் இடத்தில் மட்டும் சிதைந்த பெயரைப் போட்டால், கதவு வரை வந்து சாவி பொருந்தாமல் நிற்கும். எதிர்ப்பக்கத்துக்குத் தெரிவதெல்லாம் சாவி பொருந்தவில்லை என்பதே. ஆகவே திரையில் கடவுச்சொல் தவறு என்ற செய்தி வருகிறது. பெயர் தவறு என்று சொல்ல அதற்கு வழியே இல்லை. அதே விதியில் கடவுச்சொல்லுக்கு ஆஸ்கி எழுத்துகளே, 8 முதல் 63 வரை, என்று வரையறுத்துவிட்டார்கள். பெயருக்கு அப்படி ஒரு வரையறை இல்லாததுதான் இத்தனை குழப்பத்துக்கும் இடம் கொடுத்தது.

கண்ணுக்குத் தெரியாத வேற்றுமை ஒன்றும் உண்டு. ‘பொதிகை’ என்பதில் உள்ள ‘பொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே எண்ணாக இடலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டில் முதலாவது 18, இரண்டாவது 21. பட்டியலில் இருந்து தொட்டு எடுத்தால் இதனால் தொல்லையில்லை. பெயரை மறைத்து வைத்து, ஒவ்வொரு கருவியிலும் கையால் தட்டச்சு செய்யும் வீட்டில் இது பெரிய தலைவலி.

2012இல் திருத்திய விதியில்தான் இதற்கு ஒரு பரிகாரம் வந்தது. அறிவிப்பில் ஒரே ஒரு பிட்டைச் சேர்த்தார்கள். அது 1 ஆக இருந்தால் பெயர் யூ.டி.எஃப்-8 முறையில் எழுதப்பட்டது என்று பொருள். அதற்கு முன் செய்த கருவிக்கு அந்தப் பிட்டின் பொருள் தெரிய வழியில்லை.

தமிழ் எழுத்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆங்கிலப் பெயரில் நேரான மேற்கோள் குறிக்குப் பதில் வளைந்த ’ குறி புகுந்தாலும் அது 3 பைட்டு. பழைய கருவி அங்கேயும் தடுக்கி விழும். சுத்தமான ஆஸ்கிக் குறிகளும் தப்பவில்லை. 2021 ஜூனில் `%p%s%s%s%s%n` என்று பெயரிட்ட வைஃபையில் இணைந்த ஐஃபோன்களில் வைஃபையே முடங்கிப்போயிற்று. % குறியை நிரல் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டதே காரணம். அடுத்த மாதம் வந்த 14.7 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள்.

பழைய கருவி இணைய மறுத்தால், பழி பெயர்மீதுதானா என்று எப்படி அறிவது? கடவுச்சொல்லையும் மற்ற அமைப்புகளையும் தொடாமல், பெயரை மட்டும் `PAPANASAM` என்று மாற்றிப் பாருங்கள். உடனே இணைந்தால் குற்றவாளி பெயரே. அப்போதும் இணையாவிட்டால் காரணம் வேறு: 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அறியாத கருவியாக இருக்கலாம், அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய பூட்டைத் திறக்கத் தெரியாததாக இருக்கலாம். இந்த இரண்டையும் சோதிக்காமல் தமிழ்ப் பெயரை நீக்குவது வீண். பல வைஃபைக் கருவிகளில் விருந்தினருக்கென இரண்டாவது பெயர் வைக்க வசதியுண்டு. அங்கே ஆங்கிலப் பெயர் ஒன்றை வைத்துப் பழைய அச்சுப்பொறி, காமிரா போன்றவற்றை இணைத்தால் முதற்பெயர் தமிழாகவே இருக்கலாம். ஆனால் விருந்தினர் வலையில் உள்ளவற்றை முதல் வலையில் உள்ள கணினி காண முடியாதபடி பெரும்பாலும் தடுத்திருப்பார்கள். அச்சுப்பொறிக்கு அந்தத் தடையை நீக்கவேண்டியிருக்கும்.

லினக்ஸ் கணினி வைத்திருப்போருக்கு இன்னொரு வழி உண்டு. அங்கே வைஃபையைக் கவனிக்கும் wpa_supplicant என்ற நிரல், பெயரை மேற்கோள் குறி இல்லாமல் பதினாறடிமான எண்களாகக் கொடுத்தால் அப்படியே பைட்டாக ஏற்கும். எழுத்தாக மாற்றும் வேலையே இல்லை. பாபநாசத்துக்கு அந்த வரி இது. ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம் வீதம் 48 இலக்கங்கள்:

```
ssid=e0aeaae0aebee0aeaae0aea8e0aebee0ae9ae0aeaee0af8d
```

ஆறு இலக்கத்துக்கு ஒரு கோடு போட்டுப் பிரித்தால் எட்டுக் குறிகளும் வரிசையாக வந்து நிற்கும். கடைசி ஆறும் புள்ளிக்கு உரியவை. அவற்றின் இறுதியில் உள்ள 8d என்பதே 1252 பட்டியலில் இடம் கிடைக்காமல் போன பைட்டு.