குயவரிடம் கேட்ட வினா

எல்லாம் நியதியால் நிகழ்வன. முயற்சிக்கு இடமில்லை என்பது ஆசீவகர் கொள்கை. அதனைப் பின்பற்றிய சத்தாலபுத்தர் என்னும் குயவரை மகாவீரர் சந்தித்ததைச் சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றான உபாசகதசை ஏழாம் இயலில் உரைக்கிறது.

உலர வைத்திருந்த கலங்கள் முயற்சியால் ஆயினவா என்று பகவான் வினவினார். இல்லை, எல்லாம் நியதியே என்றார் குயவர். ஒருவன் அவற்றை உடைத்தால் என்ன செய்வீர் என்று கேட்டபோது, அடிப்பேன், கட்டுவேன் என்றார். நியதியே உடைத்ததாயின் அவனைத் தண்டிப்பது எங்ஙனம் முறையாகும் என்றார் பகவான். குயவர் தெளிந்து இல்லற நோன்பு ஏற்றார்.

தம் சினமும் நியதியே என்று ஓர் ஆசீவகர் விடையிறுக்கலாம். ஆகவே இவ்வினா நியதியைப் பொய்யென நிறுவவில்லை. பிறரைப் பழிப்பவர் முயற்சியை மறுத்தல் ஆகாது என்றே காட்டுகிறது. நம் நீலகேசியும் ஆசீவகரோடு வாதிடுகிறது. வினை நாம் செய்தது. அதனைக் களைதலும் நம் முயற்சியே.