மய்யித் வீட்டில் மிஞ்சும் மாத்திரைகள்

புற்றுநோயால் நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர் வஃபாத்தான வீட்டில், ஜனாஸா முடிந்து தஃஸியத்துக்கு ஆட்கள் வந்து போகும் நாட்களில், யாரும் கவனிக்காத ஒன்று அலமாரியில் இருக்கும். அது அவருக்காக வாங்கி மிஞ்சிய மார்ஃபின் மாத்திரை, ஃபென்டனில் பட்டை, தூக்க மாத்திரை. வந்திருக்கும் உறவினர்களின் பிள்ளைகள் அறை அறையாக ஓடி விளையாடுவதும் அதே நாட்களில்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நன்னிக்கு மார்பகப் புற்றுநோய். வலி நிவாரண மையத்தில் கொடுத்த 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரைகளில் இருபத்து நான்கு மீதம். உறையைப் பிரிக்காத ஃபென்டனில் பட்டை இரண்டு. அல்பிரசோலம் தூக்க மாத்திரை அரை அட்டை. இன்னொரு பட்டை நன்னியின் உடலிலேயே ஒட்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பட்டை. குஸ்ல் கொடுக்கும் பெண்களிடம் வீட்டார் முன்பே சொல்லிவிட வேண்டும். அது பெரும்பாலும் மேல் கையிலோ, நெஞ்சிலோ, முதுகிலோ இருக்கும். கையுறையுடன் மெதுவாக உரித்து, பசையுள்ள பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, உடனே கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மூன்று நாள் ஒட்டியிருந்த பட்டையிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். குப்பையில் கிடந்ததைப் பிள்ளை எடுத்து ஒட்டிக்கொண்டாலோ, வாயில் வைத்தாலோ மூச்சு நின்றுபோகலாம். வெளிநாடுகளில் இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

அடுத்தது மார்ஃபின். இதைத் தூக்கிப்போட்டால் இஸ்ராஃப் ஆகிவிடுமே, வலியில் துடிக்கும் வேறொரு ஏழைக்குக் கொடுத்தால் நன்னிக்கு நன்மை சேருமே என்று நம் வீடுகளில் நினைப்பது இயல்பு. நிய்யத் நல்லதுதான். ஆனால் மார்ஃபின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். பல மாதம் சாப்பிட்டுப் பழகிய உடல் தாங்கிய அளவு, முதல்முறை சாப்பிடுபவரின் மூச்சை நிறுத்திவிடும். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். தவிர, நோயாளியின் பெயரில் கணக்கெழுதிக் கொடுத்த மருந்தை வேறொருவருக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே எண்ணிப் பார்த்து, கொடுத்த மையத்துக்கே பேசி, திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்பதே முதல் வழி.

அது முடியாவிட்டால் என்ன செய்வது? மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குப்பையில் போடாமல் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டிய 17 மருந்துகள் உள்ளன. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால், டயசிபாம் ஆகியவை அவற்றில் அடங்கும். பிரிக்காத பட்டையையும் உறையிலிருந்து எடுத்து, மடித்து, இப்படியே அப்புறப்படுத்தலாம்.

அல்பிரசோலம் அந்தப் பட்டியலில் இல்லை. அதை அட்டையிலிருந்து பிரித்து, சக்கையான தேயிலைத் தூளிலோ மண்ணிலோ கலந்து, பையில் இறுகக் கட்டி, அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்கலாம். மாத்திரையாகவே வீசினால் குப்பை பொறுக்குபவரோ, தெருப் பிள்ளைகளோ எடுத்துவிடக்கூடும்.

நோயாளி இருக்கும்போதே பழக்கப்படுத்த வேண்டியது ஒன்று உண்டு. இந்த மருந்துகளைத் தலையணைக்கு அடியிலும் கைப்பையிலும் வைக்காமல், பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் கொடுத்த எண்ணிக்கையை நோட்டில் எழுதுங்கள். வீட்டு வாலிபர் யாராவது எடுத்திருந்தாலும் கணக்குக் குறைவது அன்றே தெரிந்துவிடும். அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போடாதீர்கள். பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது மிட்டாய் என்றும் சொல்லாதீர்கள்.

யாராவது சாப்பிட்டுவிட்டால் எப்படித் தெரியும்? தட்டி எழுப்பினாலும் எழாத தூக்கம், விட்டு விட்டு வரும் மூச்சு, குறட்டை போன்ற சத்தம், நீலம் பாய்ந்த உதடு. வலி மருந்தானால் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும். உடனே 108ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். உடலில் பட்டை இருந்தால் உரித்துவிட்டு, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றை முறிக்க மருத்துவமனையில் நலாக்சோன் ஊசி உண்டு. பிள்ளை ஒரு மாத்திரைதான் விழுங்கியது, நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். சில மாத்திரைகள் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும்.

மய்யித்தின் கடன்களை விசாரித்து அடைப்பது போல, அவர் விட்டுச்சென்ற மருந்தையும் அதே வாரத்தில் எண்ணி முடித்துவிடுவோம். இன்ஷா அல்லாஹ், அந்த வீட்டில் இன்னொரு ஜனாஸா எழாமல் இருக்க நம் கையில் உள்ள காரியம் இது.