‘விபத்தினால்’ என்ற வரம்பு நீங்கிய பின்: வெப்பமும் ஆபத்தான பணியை மறுக்கும் உரிமையும்

2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 41-எச் பிரிவை அப்படியே எடுத்து எழுதியது என்பது தொழிலாளர் சட்ட ஆய்வில் ஏறக்குறைய முடிந்துபோன கருத்து. இரண்டுமே எச்சரிக்கும் உரிமையைத்தான் தருகின்றன, பணியை மறுக்கும் உரிமையைத் தரவில்லை என்பது அதன் தொடர்ச்சி. இந்த இரண்டு முடிவுகளையும் இக்கட்டுரை ஏற்கவில்லை. முதலாவது, பாடத்தை ஒப்பிட்டுப் பார்த்தாலே நிற்காது. இரண்டாவது ஓரளவு உண்மை. ஆனால் அதிலிருந்து பெறப்படும் விளைவு தவறு.

போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின், 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 41-எச் பிறந்தது. அபாயகரமான செய்முறை நடக்கும் தொழிற்சாலைக்கு மட்டுமே அது பொருந்தும். ஏதேனும் ஒரு விபத்தினால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து நேரலாம் என்று தொழிலாளர்கள் நியாயமாக அஞ்சினால், நிர்வாகத்துக்கும் அதே வேளையில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். 14ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் அபாயகரமான செய்முறை என்ற எல்லை இல்லை. சட்டத்துக்கு உட்பட்ட எந்தப் பணியிடமும் அதில் அடங்கும். இதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். கவனிக்கப்படாதது, விபத்தைச் சுட்டும் தொடரும் அங்கே இல்லை என்பது. கடுமையான காயம், மரணம், உடல்நலத்துக்கான உடனடி ஆபத்து ஆகியவை அங்கே காரணம் எதுவென்று குறிக்கப்படாமல் நிற்கின்றன.

வெப்பத்தைப் பொறுத்தவரை இந்த நீக்கமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அடுப்பு வெடிப்பது விபத்து. வார்ப்படத் தொழிற்சாலையில் மே மாதத்து நண்பகலில் அடுப்பு வழக்கம்போல் எரிவது விபத்தன்று. அது அன்றாட உற்பத்தி. எதுவும் பழுதாகாமலே ஆள் சாகக்கூடிய ஆபத்து இது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இழப்பீட்டுச் சட்டத்தில் ‘விபத்து’ என்பதற்கு நீதிமன்றங்கள் பரந்த பொருள் கொண்டிருக்கின்றன. 1908இல் இஸ்மே, இம்ரி எதிர் வில்லியம்சன் வழக்கில், கப்பலின் கொதிகலன் அறையில் வேலை செய்து வெப்பத்தாக்கத்தால் இறந்தவரின் மரணத்தை விபத்துக் காயம் என்றே பிரித்தானியப் பிரபுக்கள் அவை தீர்த்தது. அப்படியானால் 41-எச் பிரிவிலும் வெப்பம் ஏற்கெனவே அடங்கியிருந்தது, நீக்கத்தால் புதிதாக எதுவும் விளையவில்லை என்று வாதிடலாம். ஆனால் இழப்பீட்டுச் சட்டம் நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறது. அங்கே எதிர்பாராமல் நேர்ந்த காயமே விபத்து எனப்படுகிறது. 41-எச் நடக்கப்போவதை நோக்குகிறது. அங்கே விபத்து காரணம், ஆபத்து அதன் விளைவு. இரண்டும் வேறு வேறு. காயத்தையே விபத்தாகக் கொள்ளும் வாசிப்பை அங்கே பொருத்தினால் காரணமும் விளைவும் ஒன்றாகி, அந்தத் தொடரே வீணாகிவிடும். ஆகவே பழைய பிரிவில் வெப்பம் அடங்கவில்லை, புதிய பிரிவில் அடங்குகிறது என்பதே பொருத்தமான வாசிப்பு. நாடாளுமன்றம் அறிந்தே நீக்கியதா என்பதை என்னால் நிறுவ முடியாது. பாடம் மாறியிருக்கிறது என்பது போதும்.

அடுத்த கேள்வி ‘உடனடி’ என்பது. வெப்பம் மெல்ல ஏறுவது, அதை எப்படி உடனடி ஆபத்து என்பது என்று கேட்பவர்கள் ஒரு பணியிடத்தை எண்களால் பார்க்க வேண்டும். உருகிய இரும்பை அச்சுகளில் ஊற்றும் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இயற்கை ஈரக்குமிழ் வெப்பநிலை 27 பாகை செல்சியஸ். கதிர்வீச்சு வெப்பத்தைக் காட்டும் கருங்கோள வெப்பமானியில் 45 பாகை. கூரைக்குக் கீழே ஈரக்குமிழ்-கோளக் குறியீட்டின் கணக்கு இது:

0.7 × 27 + 0.3 × 45 = 32.4

மிதமான உழைப்புக்கு ஐ.எஸ்.ஓ. 7243 தரும் மேற்கோள் அளவு, வெப்பத்துக்குப் பழகிய உடலுக்கு 28, பழகாத உடலுக்கு 26. இரண்டையும் இக்கூடம் தாண்டிவிட்டது. இதோடு காப்புடையையும் சேர்க்க வேண்டும். இரட்டை அடுக்கு நெய்த உடைக்கு அதே தரநிலை 3 பாகை கூட்டச் சொல்கிறது. நீராவி புகாத முழு உடையென்றால் ஏறத்தாழ 10 பாகை. தீப்பொறியிலிருந்து தோலைக் காக்கும் உடை, வியர்வை ஆவியாவதைத் தடுத்து உடலின் உள்வெப்பத்தை ஏற்றுகிறது. காப்புடை கொடுத்ததாலேயே கடமை முடிந்தது என்று நிர்வாகங்கள் சொல்வது இதனால்தான் பொருந்தாது. உடை கொடுத்தவருக்கு, அந்த உடையோடு எத்தனை நிமிடம் வேலை, எத்தனை நிமிடம் ஓய்வு என்று வகுக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

மேற்கோள் அளவைத் தாண்டினாலே உடனடி ஆபத்து என்று நான் சொல்லவில்லை. அது எச்சரிக்கை வரம்பு. உயிர் போகும் எல்லை அன்று. ஆனால் அத்தகைய கூடத்தில் ஒருவர் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொல்கிறார் என்றால் அங்கே மணிக்கணக்கு இல்லை. உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து மூளை தடுமாறும் நிலை அது. உடனே குளிர்விக்காவிட்டால் உயிர் போகலாம். அந்த நிலையில் இருப்பவரால் புகார் சொல்ல முடியாது. 14ஆம் பிரிவு, அஞ்சுபவருக்கே அந்தக் காயம் நேர வேண்டும் என்று எங்கும் கோரவில்லை. பக்கத்தில் நிற்பவர் சொன்னாலும் செல்லும்.

பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரிய வேண்டுமே. பயிற்சிக் கடமை உரிமையோடு இணையும் இடம் இது. வெளியிடப் பணிகளில் நேரும் வெப்ப இறப்புகளில் 50 முதல் 70 விழுக்காடு, வெப்பத்தில் வேலை தொடங்கிய முதல் சில நாட்களிலேயே நேர்கின்றன என்று அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம் கூறுகிறது. அந்நாட்டின் தொழில்நல ஆய்வு நிறுவனம் புதியவருக்கு முதல் நாள் 20 விழுக்காடு நேரமே வெப்பத்தில் வேலை தரவும், பிறகு நாளொன்றுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாமலிருக்கவும் பரிந்துரைக்கிறது. நேற்று ரயிலில் வந்திறங்கிய தொழிலாளிக்கு, அவருக்குப் புரியும் மொழியில் இந்த அறிகுறிகளைச் சொல்லித்தராத நிர்வாகம், அவருடைய அச்சம் நியாயமானதில்லை என்று பின்னர் வாதிடும் தகுதியை இழக்கிறது. தன் கடமை தவறியதையே தனக்குக் கேடயமாக யாரும் பிடிக்க முடியாது.

இனி, எச்சரித்த பின் என்ன? நிர்வாகம் ஆபத்தை ஏற்காவிட்டாலும் விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பியே தீர வேண்டும். அவர் முடிவே இறுதியானது. அம்முடிவு வரும்வரை தொழிலாளி வேலை செய்ய வேண்டுமா என்பதில் பிரிவு மௌனம். இந்த மௌனத்தைத்தான் மறுப்புரிமை இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் மறுத்தவரைத் தண்டிக்க நிர்வாகத்துக்கு ஓர் அதிகாரம் வேண்டும். மாதிரி நிலையாணைகளின்படி ஒழுங்கீனமாவது, மேலாளரின் சட்டப்படியான, நியாயமான ஆணையை வேண்டுமென்றே மீறுவது. ஆபத்து உண்டா இல்லையா என்று தீர்க்கும் அதிகாரத்தைச் சட்டம் நிர்வாகத்திடமிருந்து எடுத்து ஆய்வாளரிடம் தந்துவிட்ட பிறகு, ஆபத்து இல்லை என்ற தன் கருத்தின் பேரில் நிர்வாகம் இடும் ஆணை எப்படி நியாயமான ஆணையாகும்? மறுப்பைச் சட்டம் நேரடியாக வழங்கவில்லை; மறுத்ததற்காகத் தண்டிக்கும் அடிப்படையை அது அகற்றியிருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கையின் 13ஆம் உறுப்பும், விலகியவரைத் தகாத விளைவுகளிலிருந்து காப்பது என்ற இதே வடிவில்தான் அமைந்திருக்கிறது.

இதை ஏற்றால் சோம்பேறிகள் வெப்பத்தைச் சாக்காக்குவார்கள் என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை: அச்சம் நியாயமானதாக இருக்க வேண்டும், ஆய்வாளர் அதைச் சோதிப்பார். கூடத்தில் உள்ள அனைவரும் சேர்ந்து விலகினால் அது 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தமாகிவிடாதா என்பதே கடினமான கேள்வி. அமெரிக்காவின் 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டம், அசாதாரண ஆபத்தால் நல்லெண்ணத்தோடு விலகுவது வேலைநிறுத்தமன்று என்று 502ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. நம் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தில் அத்தகைய விலக்கு இல்லை. ஆய்வாளரின் முடிவுக்குக் காத்திருப்பதை வேலைநிறுத்தமாகக் கொள்ளக் கூடாது என்று வாதிட இடமிருக்கிறது என்றே கருதுகிறேன். ஆனால் அதை நிலையாணை வாதத்தின் உறுதியோடு சொல்ல முடியாது. இந்த ஒரு விலக்கைச் சேர்க்கச் சட்டத் திருத்தமே தேவைப்படும். மற்றவற்றுக்கு இருக்கும் பாடமே போதும்.