இன்ஷா அல்லாஹ்: பொருளும் தொனியும்

சிலாங்கூரின் வடபகுதியில், சபாக் பெர்ணம் மாவட்டத்துச் சுங்கை பெசாரிலும் அதன் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் வாழும் தமிழர், மலாய் அண்டை வீட்டாரிடமும் அரசு அலுவலக முகப்பிலும் நாள்தோறும் கேட்கும் 'இன்ஷா அல்லாஹ்' ஒரே சொல்போல ஒலித்தாலும், அரபியில் அது மூன்று சொற்களால் ஆன ஒரு நிபந்தனைத் தொடராகும். 'இன்' என்பது தமிழில் 'ஆல்' என முடியும் நிபந்தனையைக் குறிக்க, 'ஷாஅ' என்பது 'நாடினான்' என்னும் இறந்தகால வினையாக நிற்க, இறைவன் பெயர் எழுவாயாகிறது. வருங்காலத்தைச் சொல்லும் நிபந்தனையில் அரபி இறந்தகால வினையை வைப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் 'வந்தால்', 'நாடினால்' என்னும் தமிழ் வினையெச்சங்களும் இறந்தகால அடியின்மீதே அமைந்திருப்பதால், தமிழ் முஸ்லிம்கள் இத்தொடரை 'அல்லாஹ் நாடினால்' எனப் பெயர்த்தது பொருளோடு அமைப்பையும் காத்த பெயர்ப்பாகும்.

நாளை ஒன்றைச் செய்வேன் என்போர் இத்தொடரைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்து 23, 24ஆம் வசனங்களின் கட்டளை. வாக்குறுதியை உறுதியாக்கும் பணிவே அதன் நோக்கம். ஆனால் சத்தியத்தோடு இதைச் சேர்த்துச் சொன்னவர், அதை நிறைவேற்றாவிடினும் குற்றப்பரிகாரம் செய்யத் தேவையில்லை என்று இஸ்லாமியச் சட்டநூல்கள் கூறுகின்றன; 'இஸ்தித்னா', அதாவது விலக்கு வைத்துப் பேசுதல், என்பது அதன் பெயர். உறுதிக்கும் விலக்குக்கும் ஒரே தொடர் இடம் தருவதால்தான், பேசுபவரின் கருத்தைத் தொனியிலிருந்து அறிய வேண்டியதாகிறது.

கெண்டுரி எனப்படும் மலாய் விருந்துக்கு ஒருவர் அழைக்கப்படுவதாகக் கொள்ளலாம். அவர் தடையின்றி, குரல் தாழ்ந்து முடிய, "இன்ஷா அல்லாஹ், லெபாஸ் இஷாக் சயா சம்பை" என்று, அதாவது இரவுத் தொழுகைக்குப் பின் வந்துசேர்வதாக, நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் வருவது பெரும்பாலும் உறுதி. சற்றுத் தயங்கி, ஈற்றசையை நீட்டி, "இன்ஷா அல்லாஹ்..." என்பதோடு நிறுத்திக்கொண்டால், முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையன்று எனக் கருதும் மலாய்ப் பண்பாட்டின் மென்மையான மறுப்பாக அது இருக்கக்கூடும். தமிழர் வாயில் 'பார்க்கலாம்' என்பதும் இவ்வேலையையே செய்கிறது. எனினும் நீட்டல் மட்டும் சான்றாகாது. நோயுற்றோர் நலம்பெற வேண்டும் என்னும்போது அதே நீட்டல் மனமார்ந்த வேண்டுதலாகிவிடும்.

ஆகவே இத்தொடரைக் கேட்ட மாத்திரத்தில் சாக்குப்போக்கு என்று கொள்வது, நம்பிக்கையோடு அதைச் சொல்வோருக்கு இழைக்கும் அநீதியாகும். ஐயம் எழுந்தால் "புக்கோல் பெராப்பா?" என்று மணியைப் பணிவாகக் கேட்டுக்கொள்க, வர எண்ணியவர் மணியைச் சொல்வார், எண்ணாதவர் பெரும்பாலும் அத்தொடரையே மீண்டும் சொல்வார்.