ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள சொற்களைத் தேர்ந்து மொழிபெயர்த்தல்

டேப்லெட் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் அதிலுள்ள எழுத்தெல்லாம் படமாகிவிடுகிறது. அந்தப் படத்திலிருந்து எழுத்தை மீட்டுத் தரும் ‘லைவ் டெக்ஸ்ட்’ வசதியை ஆப்பிள் 2021இல் ஐபேட்ஓஎஸ் 15உடன் வெளியிட்டது. ஏ12 பயோனிக் அல்லது அதற்குப் பிந்திய சில்லு உள்ள ஐபேடுகளில் இது இயங்கும்.

மேல் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் (முகப்புப் பொத்தான் உள்ள ஐபேடுகளில் மேல் பொத்தானையும் முகப்புப் பொத்தானையும்) ஸ்கிரீன்ஷாட் பதிவாகும். அதைத் திறந்து, வேண்டிய சொல்லின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்தி வைக்க வேண்டும். சொல் நிறம் மாறி, இரு முனைகளிலும் பிடிகள் தோன்றும். அவற்றை இழுத்து வரி முழுவதையும் வளைத்துக்கொண்டு `Translate` என்பதைத் தொட்டால் மொழிபெயர்ப்பு வரும்.

பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தமிழர் ஒருவருக்கு, மின்தடை பற்றிய கன்னட அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வருவதாகக் கொள்வோம். ஐபேடில் அதன் மேல் விரலை வைத்தால் ‘10’, ‘5’ போன்ற எண்களும் ஆங்கிலச் சொற்களும் மட்டும் தேர்வாகி, கன்னட வரிகள் அசையாமல் நிற்கக்கூடும். படம் மங்கல் என்று நினைத்து மீண்டும் எடுப்பதில் பயனில்லை. அந்த எழுத்து கருவிக்குத் தெரியாது என்பதற்கு அதுவே அடையாளம். 2021இல் லைவ் டெக்ஸ்ட் அறிந்த ஏழு மொழிகளில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. ஆப்பிளின் மொழிபெயர்ப்பில் இந்தி 2024இல் சேர்ந்தபோதும் கன்னடமும் தமிழும் சேரவில்லை.

இங்கே கை கொடுப்பது கூகுள் டிரான்ஸ்லேட் செயலி. அதில் கன்னடத்திலிருந்து தமிழுக்கு என்று வைத்து, கேமராவைத் தொட்டு, எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தால் போதும். சில ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் `Circle to Search` உள்ளது. முகப்புப் பொத்தானை அழுத்தி வைத்து மொழிபெயர்ப்புக் குறியைத் தொட்டால், ஸ்கிரீன்ஷாட் எடுக்காமலே திரையில் உள்ளது மாறிவிடும்.

கன்னடத்தில் பிழை ‘ஒத்தக்ஷர’த்தில் நேரக்கூடும். அடுத்தடுத்து வரும் மெய்களில் இரண்டாவதைக் கன்னடம் பெரும்பாலும் முதல் எழுத்தின் அடியில் சிறிதாக எழுதும். பொம்மசந்திரா என்ற பெயரிலேயே மகரத்தின் கீழ் ஒரு சிறு மகரமும், தகரத்தின் கீழ் ஒரு ரகரக் குறியும் உண்டு. எழுத்து சிறிதாக இருந்தால் கருவி இவற்றைத் தவறவிடக்கூடும். ‘கத்தெ’ என்றால் கழுதை. அடியெழுத்து போனால் அது ‘கதெ’, அதாவது கதை.

அறிவிப்பு பிடிஎஃப் ஆக வந்தால் முதலில் விரலால் பெரிதாக்கிவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும்; ஸ்கேன் செய்த பக்கமாக இல்லாவிட்டால் எழுத்துகள் கூர்மையாகவே பெரிதாகும். பலமுறை பகிரப்பட்டு மங்கிய படத்தைப் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். பொருள் பொருந்தாமல் வரும்போது, கருவி படித்தெடுத்த கன்னடச் சொல்லை மூலப் படத்தோடு வைத்து, அடியெழுத்துகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தால் பிழை படிப்பிலா பெயர்ப்பிலா என்பது தெரிந்துவிடும்.